நாணயம் சரிந்தால் எந்தப் பங்கு ஏறும்? ஏற்றுமதி, இறக்குமதி நிறுவனங்களின் லாபக் கணக்கு

உள்நாட்டு நாணயத்தின் மதிப்பு சரியத் தொடங்கியதும், ஏற்றுமதி நிறுவனங்களின் பங்குகளை வாங்க வேண்டும், இறக்குமதியை நம்பிய நிறுவனங்களின் பங்குகளை விற்க வேண்டும் என்ற பேச்சு எழுந்துவிடுகிறது. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் பாதி உண்மைதான். டாலரில் விற்பனை செய்கிறது என்பதற்காகவே ஒரு நிறுவனத்துக்கு லாபம் கூடிவிடுவதில்லை. லாபம் கூடினாலும் அதே அளவுக்குப் பங்கு விலை ஏறிவிடுவதில்லை. ஏறும் என்று எதிர்பார்த்த பங்கு ஏறாமல் போவது, இந்த இரண்டு இடைவெளிகளையும் பாராமல் விடுவதால்தான்.

## வரவு எந்த நாணயத்தில், செலவு எந்த நாணயத்தில்?

ஒரே குடும்பத்தில் மூவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாமவருக்குச் சம்பளம் டாலரில் வருகிறது. செலவு முழுவதும் உள்நாட்டு நாணயத்தில். இரண்டாமவருக்குச் சம்பளம் உள்நாட்டு நாணயத்தில். ஆனால் மகளின் வெளிநாட்டுக் கல்லூரிக் கட்டணத்தை டாலரில் செலுத்துகிறார். மூன்றாமவர் வெளிநாட்டிலேயே வாழ்ந்து, டாலரில் சம்பாதித்து, டாலரிலேயே செலவழிக்கிறார். உள்நாட்டு நாணயம் வலுவிழந்தால் முதலாமவருக்கு ஆதாயம், இரண்டாமவருக்கு நெருக்கடி, மூன்றாமவரின் அன்றாட வாழ்க்கையில் ஏறத்தாழ எந்த மாற்றமும் இல்லை. அவருடைய சேமிப்பை உள்நாட்டு நாணயத்தில் கணக்குப் பார்த்தால் மட்டும் தொகை பெரிதாகத் தெரியும்.

நிறுவனங்களையும் இதே மூன்று வகையாகப் பிரிக்கலாம். ஒருவர் டாலரில் சம்பாதிக்கிறாரா என்ற கேள்வி மட்டும் போதாது. அவருடைய டாலர் வரவிலிருந்து டாலர் செலவைக் கழித்தால் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே கேள்வி. அந்த மிச்சத்தை இக்கட்டுரையில் நிகர டாலர் நிலை என்று அழைப்போம். வரவு அதிகமானால் அது மிகை. செலவு அதிகமானால் அது பற்றாக்குறை.

நாணய மாற்று விகிதம் என்று இங்கே குறிப்பிடுவது, ஒரு டாலரை வாங்க எத்தனை உள்நாட்டு நாணய அலகுகள் தேவை என்பதைத்தான். அந்த எண் கூடினால் உள்நாட்டு நாணயம் வலுவிழக்கிறது, குறைந்தால் வலுப்பெறுகிறது. விகிதத்தின் எண் ஏறும்போது நாணயம் இறங்குகிறது என்பது தொடக்கத்தில் சற்றுக் குழப்பும், பழகினால் சரியாகிவிடும்.

## ஏற்றுமதி நிறுவனம்: டாலரின் பத்து விழுக்காட்டு ஏற்றம் என்ன செய்யும்?

கணக்கு எளிதாக இருப்பதற்காக ஒரு டாலர் 100 அலகு என்று தொடங்குவோம். ஓர் ஏற்றுமதி நிறுவனம் ஆண்டுக்கு 1 கோடி டாலருக்குச் சரக்கு விற்கிறது. உள்நாட்டுக் கணக்கில் அது 100 கோடி. மூலப்பொருள்களில் ஒரு பகுதியை அது வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. அதற்கான செலவு 30 லட்சம் டாலர், அதாவது 30 கோடி. ஊதியம், மின்சாரம், வாடகை போன்ற உள்நாட்டுச் செலவுகள் 55 கோடி. மொத்தச் செலவு 85 கோடி போக, லாபம் 15 கோடி. வரியை இப்போதைக்கு ஒதுக்கிவைப்போம்.

இப்போது டாலர் 110 ஆகிறது. விற்பனை 110 கோடியாகிறது. இறக்குமதிச் செலவு 33 கோடியாகிறது. உள்நாட்டுச் செலவு அதே 55 கோடி. லாபம் 22 கோடி. அதாவது டாலர் 10 விழுக்காடுதான் ஏறியது; லாபமோ ஏறத்தாழ 47 விழுக்காடு கூடியிருக்கிறது.

இந்தப் பெருக்கம் எங்கிருந்து வந்தது? நிறுவனத்தின் நிகர டாலர் நிலை 70 லட்சம் டாலர் மிகை. ஒவ்வொரு டாலருக்கும் கூடுதலாக 10 அலகு கிடைத்ததால் 7 கோடி சேர்ந்தது. அந்த 7 கோடி நேராக 15 கோடி லாபத்தின் மேல் விழுகிறது. விற்பனையுடன் ஒப்பிட்டால் சிறிய தொகை, லாபத்துடன் ஒப்பிட்டால் பெரிய தொகை. ஆகவே, விற்பனையில் லாபத்தின் பங்கு, அதாவது லாப விகிதம், எவ்வளவு மெலிதாக இருக்கிறதோ அவ்வளவுக்கு நாணய அசைவின் தாக்கம் பெரிதாகும். இது இரண்டு பக்கமும் வெட்டும். டாலர் 90 ஆகச் சரிந்தால் அதே 7 கோடி குறைந்து, லாபம் 8 கோடியாகச் சுருங்கிவிடும்.

மேலே உள்ள கணக்கில் ஒரு மறைமுக அனுமானம் இருக்கிறது: வெளிநாட்டு வாடிக்கையாளர் பழைய டாலர் விலையையே தொடர்ந்து கொடுப்பார் என்பது. உண்மையில் அவரும் செய்தித்தாள் படிக்கிறார். உங்கள் நாணயம் சரிந்ததால் உங்கள் செலவு டாலர் கணக்கில் குறைந்துவிட்டது என்பது அவருக்குத் தெரியும். அடுத்த ஒப்பந்தப் பேச்சில் 5 விழுக்காடு விலைக் குறைப்புக் கேட்கிறார் என்று கொள்வோம். விற்பனை 95 லட்சம் டாலர். 110 வீதம் 104.5 கோடி. செலவு 88 கோடி. லாபம் 16.5 கோடி. 47 விழுக்காட்டு உயர்வு 10 விழுக்காடாகச் சுருங்கிவிட்டது.

ஆகவே ஓர் ஏற்றுமதி நிறுவனத்தைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது அதன் ஏற்றுமதி விழுக்காட்டை அல்ல. அதன் பேரம் பேசும் வலுவைத்தான். வேறு யாரும் எளிதில் செய்து தர முடியாத பொருளை விற்கும் நிறுவனம், நாணயச் சரிவின் ஆதாயத்தைத் தானே வைத்துக்கொள்ளும். அதே பொருளைப் பத்து நாடுகளில் செய்கிறார்கள் என்றால், ஆதாயம் மெல்ல மெல்ல வாடிக்கையாளரின் பைக்குப் போய்விடும். போட்டி நாடுகளின் நாணயங்களும் சேர்ந்தே சரிந்திருந்தால் அது இன்னும் விரைவாக நடக்கும், ஏனெனில் அந்த நாட்டுப் போட்டியாளர்களாலும் விலையைக் குறைக்க முடியும்.

## இறக்குமதியை நம்பிய நிறுவனம்: அடி தாமதமாக விழும்

இரண்டாவது நிறுவனம் உள்நாட்டில் ஆண்டுக்கு 100 கோடிக்கு விற்கிறது. அதன் மூலப்பொருள் முழுவதும் இறக்குமதி. ஆண்டுக்கு 60 லட்சம் டாலர், அதாவது 60 கோடி. பிற செலவுகள் 30 கோடி. லாபம் 10 கோடி. டாலர் 110 ஆனதும் மூலப்பொருள் 66 கோடியாகிறது. லாபம் 4 கோடியாகிறது. அறுபது விழுக்காட்டு வீழ்ச்சி. பழைய லாபத்தை மீட்க வேண்டுமானால் விற்பனை அளவு குறையாமல் விலையை 6 விழுக்காடு உயர்த்த வேண்டும். போட்டிக்கு அஞ்சி 3 விழுக்காடு மட்டும் உயர்த்த முடிந்தால் லாபம் 7 கோடியில் நிற்கும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று காலம். நிறுவனத்தின் கிடங்கில் மூன்று மாதத்துக்குத் தேவையான மூலப்பொருள், பழைய விலைக்கு வாங்கியது, இருக்கிறது என்று கொள்வோம். நாணயம் சரிந்த உடனேயே நிறுவனம் விற்பனை விலையை 3 விழுக்காடு உயர்த்திவிடுகிறது. ஒரு காலாண்டில் வழக்கமான விற்பனை 25 கோடி, மூலப்பொருள் 15 கோடி, பிற செலவு 7.5 கோடி, லாபம் 2.5 கோடி. விலை உயர்ந்த முதல் காலாண்டில் விற்பனை 25.75 கோடி, ஆனால் பயன்படுத்தியது பழைய சரக்கு, எனவே மூலப்பொருள் செலவு அதே 15 கோடி. லாபம் 3.25 கோடி, 30 விழுக்காடு உயர்வு!

இந்த அறிக்கையைப் பார்த்தவர்கள், நாணயச் சரிவு இந்த நிறுவனத்தைப் பாதிக்கவே இல்லை என்று முடிவுகட்டுவதைப் பல முறை காணலாம். அடுத்த காலாண்டில் புதிய விலைக்கு வாங்கிய சரக்கு கணக்கில் ஏறுகிறது, மூலப்பொருள் 16.5 கோடி, லாபம் 1.75 கோடி. முப்பது விழுக்காட்டு உயர்வு முப்பது விழுக்காட்டு வீழ்ச்சியாகிவிட்டது. நிறுவனத்தில் இடையில் எதுவும் கெட்டுப்போகவில்லை. பழைய சரக்கு தீர்ந்தது, அவ்வளவுதான்.

இத்தகைய நிறுவனம் டாலரில் கடனும் வாங்கியிருந்தால் நிலைமை கடுமையாகும். 50 லட்சம் டாலர் கடன் இருக்கிறது என்று கொண்டால், அதன் உள்நாட்டு மதிப்பு 50 கோடியிலிருந்து 55 கோடியாக உயர்ந்து, அந்த 5 கோடி வேறுபாடு பொதுவாக அந்த ஆண்டின் இழப்பாகவே பதிவாகும். மீந்திருந்த 4 கோடி லாபத்தையும் அது விழுங்கிவிடும். ஏற்றுமதி நிறுவனத்துக்கும் டாலர் கடன் இருக்கலாம். ஆனால் அதைத் திருப்பிச் செலுத்த அதனிடம் டாலர் வரவு உண்டு.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: நிகர டாலர் நிலை தாக்கத்தின் அளவையும் திசையையும் தீர்மானிக்கிறது; விலையை மாற்றும் வலு அந்தத் தாக்கத்தில் எவ்வளவு நிறுவனத்திடம் தங்கும் என்பதைத் தீர்மானிக்கிறது; கையிருப்புச் சரக்கு அது எப்போது தெரியவரும் என்பதைத் தீர்மானிக்கிறது.

## ஹெட்ஜிங்: ஆதாயத்தையும் இழப்பையும் தள்ளிப்போடும் ஏற்பாடு

நிறுவனங்கள் நாணய அசைவுக்குத் தங்களை அப்படியே ஒப்புக்கொடுப்பதில்லை. எதிர்காலத்தில் வரவிருக்கும் டாலரை, இன்றே ஒப்புக்கொண்ட விகிதத்தில் வங்கிக்கு விற்க ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். இதற்கு ஃபார்வர்டு ஒப்பந்தம் என்று பெயர். இவ்வாறு நாணய இடரைக் குறைக்கும் ஏற்பாடுகளைப் பொதுவாக ஹெட்ஜிங் என்பார்கள். ஒப்பந்த விகிதம் இன்றைய விகிதத்திலிருந்து, இரு நாணயங்களின் வட்டி வேறுபாட்டுக்கேற்பச் சற்று விலகியிருக்கும். நம் கணக்கில் அதையும் 100 என்றே கொள்வோம்.

நம் ஏற்றுமதி நிறுவனம் தன் 70 லட்சம் டாலர் மிகையில் 60 விழுக்காட்டை, அதாவது 42 லட்சம் டாலரை, 100 வீதம் முன்னரே விற்றுவிட்டிருந்தால், டாலர் 110 ஆகும்போது அந்தப் பகுதிக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்காது. 4.2 கோடி கைநழுவும். லாபம் 22 கோடிக்குப் பதில் 17.8 கோடி. விகிதம் அதே 110-இல் நின்றால், அடுத்த ஆண்டுக்கான புதிய ஒப்பந்தங்கள் 110-ஐ ஒட்டியே எழுதப்படும். அப்போது ஆதாயம் முழுமையாக வரும். எனவே ஹெட்ஜிங் ஆதாயத்தையோ இழப்பையோ அழிப்பதில்லை, ஒத்திப்போடுகிறது. நாணயம் சரிந்த காலாண்டில் ஏற்றுமதி நிறுவனத்தின் லாபம் ஏன் அசையவில்லை என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுவே விடை.

## லாபத்திலிருந்து பங்கு விலைக்கு

லாபம் 47 விழுக்காடு கூடினால் பங்கும் 47 விழுக்காடு ஏற வேண்டும் அல்லவா? ஏற வேண்டியதில்லை. பங்கு விலை என்பது ஓராண்டு லாபத்துக்குக் கொடுக்கும் விலை அன்று; இனி வரப்போகும் எல்லா ஆண்டுகளின் லாபத்துக்கும் சேர்த்துக் கொடுக்கும் விலை.

நம் ஏற்றுமதி நிறுவனத்தைச் சந்தை அதன் லாபத்தைப் போல் 20 மடங்குக்கு மதிப்பிடுகிறது என்போம். இந்த மடங்குக்கு விலை-வருவாய் விகிதம் என்று பெயர். 15 கோடி லாபத்துக்கு நிறுவனத்தின் மொத்த மதிப்பு 300 கோடி. டாலர் 110-இல் நிலைத்துவிடும், வாடிக்கையாளர்களும் விலைக் குறைப்புக் கேட்கமாட்டார்கள் என்று சந்தை நம்பினால், 22 கோடியின் 20 மடங்காக மதிப்பு 440 கோடி வரை போகலாம். மாறாக, ஓராண்டில் டாலர் மீண்டும் 100-க்குத் திரும்பிவிடும் என்று சந்தை நினைத்தால், நிறுவனத்துக்கு நிகரமாகச் சேர்ந்தது ஒரே ஒரு 7 கோடிதான். மதிப்பு 307 கோடி. இரண்டு விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஒரே நாணய அசைவு, ஒரே நிறுவனம். ஆனால் 2 விழுக்காடும் 47 விழுக்காடும் முற்றிலும் வேறான விடைகள். அசைவு எவ்வளவு காலம் நிலைக்கும் என்ற சந்தையின் கணிப்புதான் இரண்டுக்கும் இடையே விலையை நிறுத்துகிறது.

இன்னொன்றும் உண்டு: நாணயம் எதனால் அசைந்தது? உலகெங்கும் தேவை சுருங்கி, முதலீட்டாளர்கள் பாதுகாப்புத் தேடி டாலருக்கு ஓடுவதால் உள்நாட்டு நாணயம் சரிந்திருந்தால், ஏற்றுமதி நிறுவனத்துக்கு ஒரு டாலருக்குக் கூடுதல் அலகு கிடைக்கும். ஆனால் விற்கக்கூடிய சரக்கின் அளவே குறையும். அத்தகைய காலத்தில் நாணயமும் ஏற்றுமதிப் பங்குகளும் சேர்ந்தே விழுவதில் முரண்பாடு எதுவும் இல்லை.

## உண்மையில் நடந்த இரண்டு நாட்கள்

சுவிட்சர்லாந்தின் மத்திய வங்கி 2011 செப்டம்பரில், ஒரு யூரோ 1.20 ஃபிராங்குக்குக் கீழே இறங்க விடமாட்டோம் என்று ஓர் எல்லையை வகுத்தது. 2015 ஜனவரி 15 அன்று முன்னறிவிப்பின்றி அந்த எல்லையைக் கைவிட்டது. ஃபிராங்க் ஒரே நாளில் கடுமையாக வலுப்பெற்றது. சுவிஸ் பங்குக் குறியீடு அன்று ஏறத்தாழ 9 விழுக்காடு வீழ்ந்தது. கைக்கடிகார நிறுவனமான ஸ்வாட்சின் பங்கு சுமார் 16 விழுக்காடு சரிந்தது. காரணம் நம் கணக்கிலேயே இருக்கிறது: கடிகாரங்கள் உலகெங்கும் விற்கின்றன, ஆனால் ஆலைகளும் ஊதியங்களும் பெரும்பாலும் ஃபிராங்கில். அது முதலாமவரின் நிலைமை, தலைகீழாக.

நெஸ்லேயும் சுவிஸ் நிறுவனம்தான். அதன் விற்பனையும் மிகப் பெரும்பாலும் சுவிட்சர்லாந்துக்கு வெளியேதான். ஆனால் அது விற்கும் நாடுகளிலேயே ஆலை வைத்து உற்பத்தியும் செய்கிறது. வரவும் செலவும் பெரும்பாலும் ஒரே நாணயத்தில். நம் குடும்பத்தில் அது மூன்றாமவர். ஃபிராங்க் வலுப்பெற்றதால் அதன் வெளிநாட்டு லாபம் ஃபிராங்கில் எழுதும்போது சுருங்கித் தெரிந்தது. ஆனால் ஒரு பொருளை விற்பதில் கிடைக்கும் லாப விகிதம் ஸ்வாட்சுக்குப் போல் நசுங்கவில்லை. முன்னதைக் கணக்கு மாற்ற விளைவு என்றும், பின்னதைப் பரிவர்த்தனை விளைவு என்றும் பிரித்துப் பார்ப்பது பயன் தரும். இரண்டும் அறிக்கையில் ஒரே மாதிரி வீழ்ச்சியாகத் தோன்றினாலும், போட்டித்திறனைத் தாக்குவது பரிவர்த்தனை விளைவே.

எதிர்த்திசையில் நடந்தது பிரிட்டனில். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதற்கான வாக்கெடுப்பின் முடிவு வெளியான 2016 ஜூன் 24 அன்று பவுண்டு டாலருக்கு எதிராக ஏறத்தாழ 8 விழுக்காடு சரிந்தது. பெருநிறுவனங்களைக் கொண்ட எஃப்.டி.எஸ்.இ. 100 குறியீடு அன்று சுமார் 3 விழுக்காடு இறங்கி, ஒரு வாரத்துக்குள் வாக்கெடுப்புக்கு முந்தைய அளவைத் தாண்டிவிட்டது. அடுத்த நிலை நிறுவனங்களைக் கொண்ட எஃப்.டி.எஸ்.இ. 250 அன்று 7 விழுக்காட்டுக்கு மேல் வீழ்ந்தது. அது மீள அதைவிடக் கூடுதல் காலம் பிடித்தது. முதல் குறியீட்டில் உள்ள எண்ணெய், சுரங்க, மருந்து நிறுவனங்களின் வருவாயில் பெரும்பகுதி பிரிட்டனுக்கு வெளியே ஈட்டப்படுகிறது. இரண்டாவதில் உள்நாட்டு வணிகத்தின் பங்கு அதிகம். அந்த மீட்சியைப் பிரிட்டன் பொருளாதாரத்தின் மீதான நம்பிக்கை என்று சிலர் படித்தார்கள். சரிந்த பவுண்டில் அளக்கப்பட்ட டாலர் வருவாய் என்பதே அதன் பெரும்பகுதிக்குப் பொருத்தமான விளக்கம்.

## பெயர்ப்பலகையை நம்பாதீர்கள்

ஏற்றுமதியே செய்யாத ஒரு நிறுவனமும் டாலரில் சம்பாதிக்கலாம். செம்பு, அலுமினியம் போன்ற உலோகங்களின் விலை உலகச் சந்தையில் டாலரில் தீர்மானிக்கப்படுகிறது. உள்நாட்டிலேயே தோண்டியெடுத்து உள்நாட்டிலேயே விற்கும் உலோக நிறுவனம்கூட, இறக்குமதியாகும் உலோகம் எந்த விலைக்கு வந்து சேருமோ அதை ஒட்டித்தான் விலை வைக்கிறது. டாலர் ஏறினால் அதன் விலையும் ஏறும். செலவோ உள்நாட்டு நாணயத்தில். பொருளாதார அளவில் அது ஏற்றுமதி நிறுவனத்தைப் போன்றதுதான். மறுபுறம், தங்கத்தையோ வைரத்தையோ இறக்குமதி செய்து, நகையாக்கி ஏற்றுமதி செய்யும் நிறுவனத்தின் விற்பனையில் பெரும்பகுதி ஏற்றுமதி என்றாலும், செலவிலும் பெரும்பகுதி டாலரே. அதன் நிகர டாலர் நிலை விற்பனையைப் பார்த்து நினைப்பதைவிட மிகச் சிறியது.

## ஆண்டறிக்கையில் எங்கே பார்ப்பது?

விற்பனையின் நாடுவாரிப் பிரிப்பு, இறக்குமதி மூலப்பொருளின் பங்கு, ஹெட்ஜ் செய்யப்பட்ட விழுக்காடு ஆகியவை பெரும்பாலும் ஆண்டறிக்கையின் குறிப்புகளிலோ முதலீட்டாளர்களுடனான உரையாடல்களிலோ கிடைக்கும். சில நிறுவனங்கள் தங்கள் லாபக் கணிப்பு எந்த விகிதத்தை அனுமானித்து எழுதப்பட்டது என்பதையே சொல்லிவிடுகின்றன; ஜப்பானில் டொயோட்டா போன்ற ஏற்றுமதியாளர்களிடம் இது வழக்கம். நடப்பு விகிதம் அந்த அனுமானத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்தால், கணிப்பு எந்தப் பக்கம் திருத்தப்படும் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

ஆனால் ஓர் அட்டவணை மட்டும் தொடக்கநிலை வாசகரைத் தவறான பக்கம் இழுத்துவிடும். நாணயம் 5 அல்லது 10 விழுக்காடு அசைந்தால் லாபம் எவ்வளவு மாறும் என்று காட்டும் உணர்திறன் அட்டவணை அது. சர்வதேச நிதி அறிக்கைத் தரநிலை 7 கேட்கும் இந்த அட்டவணை, அறிக்கை நாளன்று கணக்கில் இருக்கும் நிதிக் கருவிகளை மட்டுமே, அதாவது வரவேண்டிய பாக்கி, கடன், ஃபார்வர்டு ஒப்பந்தம் ஆகியவற்றை மட்டுமே, அடக்கும். அடுத்த ஆண்டு வரப்போகும் விற்பனை அதில் இல்லை. அடுத்த ஆண்டுக்கான டாலரை முன்னரே விற்றுவைத்திருக்கும் நம் ஏற்றுமதி நிறுவனத்தின் அட்டவணையில், டாலர் ஏறினால் இழப்பு என்று காட்டியிருக்கலாம். ஃபார்வர்டு ஒப்பந்தத்தின் இழப்பு அங்கே பதிவாகிறது, அதை ஈடுகட்டப்போகும் விற்பனை ஆதாயம் பதிவாகவில்லை. அந்த ஒற்றை எண்ணைப் பார்த்து அதை டாலர் ஏற்றத்தால் பாதிக்கப்படும் நிறுவனம் என்று வகைப்படுத்தினால், திசையே தலைகீழாகிவிடும். அட்டவணைக்கு அருகில் ஹெட்ஜ் ஒப்பந்தங்களின் மொத்தத் தொகையும் தரப்பட்டிருக்கும். அதை ஆண்டு ஏற்றுமதி விற்பனையுடன் ஒப்பிட்டால், அந்த இழப்பு உண்மையானதா, வெறும் பாதிக் கணக்கா என்பது தெரிந்துவிடும்.